ரூமில் உன்னைத் தொட்டாச்சிணுங்கி என்றால்

"காக்கா, நான் பெரியபட்டினம். துபாய் வந்து மூணு மாசம் ஆகுது. ரூம்ல எல்லாரும் நம்ம பக்கத்து ஆளுங்கதான், ஆனா தினமும் என்னை வெச்சுத்தான் கிண்டல். ஏதாவது சொன்னா 'நீ ஒரு தொட்டாச்சிணுங்கி, எல்லாத்துக்கும் ஃபீல் பண்றே'ங்கிறாங்க. சூப்பர்வைசர் பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சிருக்கார், கேட்டா அவரும் அதையேதான் சொல்றார். பிரச்சினை எனக்குத்தானா? அப்புறம் ஊருக்குக் காசு அனுப்ப எது நல்லது, லைசென்ஸுக்கு எவ்வளவு ஆகும்?"

தம்பி, பாஸ்போர்ட்டை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் உன் மனசுக்கு வேலையே இல்லை. 2022 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கும் இங்குள்ள தொழிலாளர் சட்டப்படி, தனியார் கம்பெனி முதலாளி தொழிலாளியின் பாஸ்போர்ட் மாதிரியான ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. விசா வேலைக்காக ரெண்டொரு நாள் வாங்கிவிட்டுத் திருப்பித் தருவது வேறு. நேரில் கேட்டுக்கொண்டே இருக்காதே. வாட்ஸ்அப்பில், "சார், என் பாஸ்போர்ட் எனக்கு வேண்டும், என்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்?" என்று மரியாதையாக எழுது. எழுத்தில் கேட்டால் "ஃபீல் பண்றே" என்ற பதில் அவ்வளவு லேசாக வராது. அதற்கும் வழி பிறக்கவில்லையென்றால் இந்தியத் தொழிலாளர்களுக்கான உதவி மையத்தின் இலவச எண் 800 46342.

பார்த்தாயா, நீ கேட்டது ஒரு பொருளை. அவர் பதில் சொன்னது உன் சுபாவத்தைப் பற்றி. பேச்சு அப்படித் திரும்பும் இடத்தைக் கவனிக்கப் பழகிக்கொள். "கிண்டல் செய்தது தப்பா இல்லையா" என்பதைப் பேசவே விடாமல், "நீ ஏன் இப்படி இருக்கே" என்று கொண்டுபோய் விடுவார்கள். இதை அரபியும் பட்டாணியும் எனக்குச் செய்ததில்லை. நம்ம ஊர் ஆட்கள்தான் செய்தார்கள். முன்னாடி வந்தவன் பின்னாடி வருபவனைப் பார்த்து "நாங்க படாததா" என்று சொல்வது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தான் பட்டதை அடுத்தவனும் பட்டால்தான் தன் கஷ்டத்துக்கு மதிப்பு என்று நினைக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் அது பொறுக்காது.

தொண்ணூறுகளில் நான் தேரா பக்கம் ஒரு துணிக்கடைக்கு வந்தபோது, ஒரே ரூமில் அடுக்குக் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம். கீழக்கரைக்காரர் ஒருவர் ரூமுக்குப் பெரிய மனுஷன். நான் உம்மாவிடம் போனில் பேசும்போது குரல் கம்மியதை, வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எல்லார் முன்னாடியும் அப்படியே நடித்துக் காட்டுவார். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, தோளில் கை போட்டு, "ஒரு அம்பது திர்ஹம் இருந்தா குடுடா" என்பார். கொடுத்ததைக் கேட்டால், "காசுக்குப் போய் மூஞ்சியைத் தூக்குறியே, உனக்கு மனசு ரொம்ப மெல்லிசுடா" என்பார். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊரிலும் சின்ன வயசில் என்னை அப்படித்தானே சொன்னார்கள், அப்போ உண்மைதான் போல என்று.

கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்றே வரி. முதல் வரியில் நடந்தது: யார், என்ன சொன்னார், எப்போது. சுவரில் மாட்டிய கேமரா பதிந்திருந்தால் எது தெரியுமோ அது மட்டும். "என்னைக் கேவலப்படுத்தினார்" என்று எழுதக் கூடாது, "என் குரலில் பேசிக் காட்டினார், மற்றவர்கள் சிரித்தார்கள்" என்றுதான் எழுத வேண்டும். இரண்டாவது வரியில் உடம்பு: வயிற்றில் பிசைந்ததா, காது சூடானதா, சாப்பாடு இறங்கவில்லையா. மூன்றாவது வரியில் நானாக நினைத்துக்கொண்டது. அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் "அப்படியொன்றும் பெரிசாகச் சொல்லவில்லையே" என்று மனசு சமாதானம் பண்ண ஆரம்பித்துவிடும்.

பக்கங்கள் சேர்ந்ததும் திருப்பிப் பார்த்தேன். கடை டிரைவர் ஒரு பட்டாணி, தொண்டை கிழியக் கத்துவார். முதலாளி முகத்துக்கு நேராகத் திட்டுவார். அவர்கள் இரண்டு பேரும் நோட்டில் அநேகமாக இல்லவே இல்லை. வயிற்றைப் பிசைந்த நாளெல்லாம் ஒரே ஆளின் பேரில் இருந்தது, அதிலும் பெரும்பாலும் அவர் கடன் கேட்ட வெள்ளிக்கிழமைகள். அப்போ நான் எல்லாவற்றுக்கும் வருத்தப்படுகிறவன் இல்லை. ஒரு ஆள் ஒரு காரியம் செய்யும்போது மட்டும்தான் உடம்பு எனக்குச் சொல்லியிருக்கிறது. உன் நோட்டில் நாலு பேர் பேரும் கலந்து கட்டி வந்தால் அப்போது வேறு மாதிரி யோசிக்கலாம். ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தால், கோளாறு உன் சுபாவத்தில் இல்லை.

மூன்றாவது வரியை மட்டும் சந்தேகத்தோடு பார். வலித்தது பொய்யாக இருக்காது, ஆனால் வலிக்கு நாம் கற்பிக்கிற காரணம் தப்பாகப் போகலாம். எங்கள் ரூமில் தொண்டிப் பையன் ஒருவன், கேஷியர் தன்னிடம் பேசவே மாட்டேன் என்கிறார், தன்னைப் பிடிக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான். நேரில் போய்க் கேட்டால், அந்த மனுஷனுக்கு ஊரில் பிள்ளைக்கு ஆபரேஷன், யாரிடமும் பேசவில்லை. இராத்தூக்கம் கெட்டிருந்தாலும், வெயிலில் நின்றுவிட்டு வந்தாலும் சின்னச் சொல் பெரிசாகக் குத்தும். அதனால் நாலாவதாக, முந்தின இரவு எவ்வளவு நேரம் தூங்கினாய் என்பதையும் ஓரத்தில் போட்டு வை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுக் கிடந்தால் நோட்டோடு நிற்காதே, டாக்டரைப் பார்.

அப்புறம் அந்தக் கீழக்கரைக்காரரிடம் ஒரே ஒரு தடவை, தனியாக, சிரிக்காமல் சொன்னேன்: "உம்மாவிடம் நான் பேசுவதை நடித்துக் காட்டாதீங்க காக்கா, எனக்குப் பிடிக்கவில்லை. கொடுத்த காசு இந்தச் சம்பளத்துக்கு வேண்டும்." விளக்கம், நியாயம் எதுவும் சேர்க்கவில்லை. பிரியமாகக் கிண்டல் செய்கிறவனாக இருந்தால் சங்கடப்படுவான், நிறுத்திவிடுவான். இவர் குதித்தார், நன்றி கெட்டவன் என்றார். எனக்குத் தெரிய வேண்டியது அதிலேயே தெரிந்துவிட்டது. அந்த வாரமே ரூமில் இன்னும் ரெண்டு பேர் என்னிடம் வந்து, தங்களுக்கும் அவர் காசு தர வேண்டும் என்று சொன்னார்கள். அத்தனை நாளும் சிரித்தவர்கள்தான். நான் வேறு ரூம் பார்த்துக்கொண்டேன், மலையாளிகளோடு. மலையாளமும் இந்தியும் அங்கேதான் நாக்கில் படிந்தது, அதனால்தான் பிறகு சொந்தமாகக் கடை போட முடிந்தது.

எங்கள் தெருவில் சங்கு குளித்த பெரியவர் ஒருவர் இருந்தார். முங்கும்போது காது வலித்தால் அங்கேயே நின்று, மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொள்ள வேண்டும், திறக்கவில்லையென்றால் மேலே வந்துவிட வேண்டும் என்பார். அவர் வயசுப் பையன் ஒருவன், படகில் "பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்கிறார்களே என்று வலியோடு கீழே போய், காது சவ்வு கிழிந்து ரத்தத்தோடு மேலே வந்தானாம். பத்து மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். படகில் இருக்கிறவனுக்கு அது தெரியாது, முங்குகிறவன் காதுக்குத்தான் தெரியும். அந்தப் பெரியவர் கடைசிவரை நன்றாகக் காது கேட்டு, கடற்கரையில் உட்கார்ந்து எங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வேலை இருக்காது, சாயங்காலம் முழுக்கப் பேச்சுதான்.

காசு அனுப்புவது, லைசென்ஸ் எல்லாம் ரூமிலேயே ஆளாளுக்குச் சொல்லுவார்கள், ரேட்டும் மாறிக்கொண்டே இருக்கும். நீ முதலில் சூப்பர்வைசருக்கு அந்த மெசேஜை அனுப்பு, அனுப்பியதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருத்தரிடம் கொடுத்து வை.