கழிக்கப்படும் உறுப்பும் கீழ்வரம்பும்

வணக்கம். அல்காரிதம் பாடத்தில் 3n² − 40n + 12 என்பது Θ(n²) என்று வரையறையிலிருந்தே நிறுவச் சொன்னார்கள். மேல்வரம்பு எளிதாக வந்துவிட்டது: −40n-ஐ விட்டுவிட்டு, 12-ஐ 12n² ஆக்கி, c = 15 என்று எழுதினேன். கீழ்வரம்புக்கும் அதேபோல் எல்லாவற்றையும் n² ஆக்கினால் 3 − 40 + 12, அதாவது −25 வருகிறது. விடையில் c = 1, n₀ = 20 என்று மட்டும் போட்டிருக்கிறது. என் தோழியோ c = 2, n₀ = 40 என்று எழுதி, அதுவும் சரிதான் என்கிறாள். நான் 20 முதல் 30 வரை எல்லா எண்களையும் போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. ஆனால் அந்த 20 எங்கிருந்து வந்தது? போட்டுப் பார்த்ததையே நிரூபணமாக எழுதலாமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் மேல்வரம்பு சரியானது. அது ஏன் சரியாக அமைந்தது என்பதை முதலில் பார்த்துவிட்டால், கீழ்வரம்பு ஏன் கைகூடவில்லை என்பதும் தெரிந்துவிடும். மேல்வரம்பு காட்டும்போது ஒவ்வொரு படியிலும் கோவையைப் பெரிதாக்கிக்கொண்டு போக நமக்கு உரிமை உண்டு, சிறிதாக்கத்தான் கூடாது. −40n-ஐ நீக்கினால் கோவை பெரிதாகிறது. n ≥ 1 எனில் 12-க்குப் பதில் 12n² போட்டாலும் பெரிதாகிறது. ஆகவே 3n² − 40n + 12 ≤ 15n² என்பதில் ஒரு குறையும் இல்லை. (n ≥ 1 எனில் 12 ≤ 40n என்பதால் கடைசி இரண்டு உறுப்புகளும் சேர்ந்து பூச்சியத்தைத் தாண்டுவதில்லை; ஆகவே c = 3 என்றே எழுதிவிடலாம். ஆனாலும் 15 தவறாகிவிடாது.)

கீழ்வரம்பில் உரிமை தலைகீழாகிறது. அங்கே ஒவ்வொரு படியிலும் கோவையைச் சிறிதாக்கலாம், பெரிதாக்கக் கூடாது. நீங்கள் 12-ஐ 12n² ஆக்கியபோது பெரிதாக்கிவிட்டீர்கள்; அந்தப் படி செல்லாது. −40n-ஐ −40n² ஆக்கியது செல்லும், ஏனெனில் n ≥ 1 எனில் −40n² என்பது −40n-ஐவிடச் சிறியது அல்லது அதற்குச் சமம். 12-ஐ நீக்கிவிட்டு அந்தப் படியை மட்டும் வைத்துக்கொண்டால், நம் கோவையை f(n) என்று குறித்து, f(n) ≥ −37n² என்று கிடைக்கும். இது உண்மையான சமனிலிதான். ஆனால் வரையறை கேட்பது பூச்சியத்தைவிடப் பெரிய மாறிலியை என்பதால் இதனால் நமக்குப் பயன் இல்லை. n பெரிதாகப் பெரிதாக 40n என்பது n²-க்கு முன்னால் அற்பமாகிவிடுகிறது என்ற செய்திதான் இந்தக் கணக்கின் உயிர். 40n-ஐ 40n² ஆக்கிய அந்த ஒரு படியில் அந்தச் செய்தி முழுவதும் தொலைந்துவிடுகிறது.

ஆகவே கழிக்கப்படும் உறுப்பின் படியை உயர்த்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதை ஈடுகட்ட 3n²-இலிருந்து ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். 12 கூட்டப்படும் உறுப்பு. அதை நீக்கினால் கோவை சிறிதாகும், அதற்கு அனுமதி உண்டு. மிஞ்சுவது 3n² − 40n. இதில் n²-ஐ விடைக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, மீதமுள்ள 2n²-ஐ 40n-க்கு எதிராக நிறுத்துகிறோம். 2n² ≥ 40n ஆக வேண்டுமானால் n ≥ 20 ஆக வேண்டும். நீங்கள் கேட்ட 20 இங்கிருந்துதான் வருகிறது. உங்கள் தோழி விடைக்கென்று 2n²-ஐ எடுத்து வைத்திருக்கிறார். ஈடுகட்ட மிஞ்சுவது ஒரு n² மட்டும். n² ≥ 40n ஆக n ≥ 40 வேண்டும். ஆகவே அவர் எழுதியதும் முழுக்கச் சரி. வரையறை அப்படிப்பட்ட ஒரு c-யும் ஒரு n₀-உம் இருக்கின்றன என்பதைத்தான் காட்டச் சொல்கிறதே தவிர, எது மிகச் சிறந்தது என்று கேட்கவில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம். c = 2.9 என்று வைத்தால் ஈடுகட்ட 0.1n² மட்டுமே மிஞ்சும், n₀ 400-க்குப் போய்விடும். c = 3 என்று வைத்தால் ஈடுகட்ட எதுவுமே மிஞ்சாது; −40n + 12 ≥ 0 என்பது n ≥ 1 ஆகும் எந்த முழு எண்ணுக்கும் நிறைவேறாது. அதாவது c மூன்றை நெருங்க நெருங்க n₀ தொலைவுக்குப் போகிறது, மூன்றைத் தொட்டதும் இல்லாமலே போகிறது. மாறிலிகளைத் தேடும்போது இந்தக் கொடுக்கல் வாங்கல் கண்ணில் பட்டுவிட்டால், விடையேட்டில் உள்ள எண் ஏன் நமக்கு வரவில்லை என்ற கவலை போய்விடும்.

இவ்வளவும் கரட்டுத்தாளில் செய்யும் வேலை. அங்கே வேண்டிய முடிவிலிருந்து பின்னோக்கி வந்து n ≥ 20 என்பதைக் கண்டுபிடித்தோம். விடைத்தாளில் திசை மாற வேண்டும்: n ≥ 20 என்பதில் தொடங்கி, வேண்டிய முடிவுக்கு முன்னோக்கிப் போக வேண்டும். நான் திருத்திய தாள்களில் பெரும்பாலானவற்றில் மதிப்பெண் குறைந்தது இந்த இடத்தில்தான். நிறுவ வேண்டிய சமனிலியை முதல் வரியிலேயே எழுதி, அதைச் சுருக்கிச் சுருக்கி ஓர் உண்மையான வரியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். விடைத்தாளில் இப்படி எழுதுங்கள்:

c₁ = 1, c₂ = 3, n₀ = 20 எனக் கொள்க. n ≥ 20 ஆகும் ஏதேனும் ஒரு முழு எண் n-ஐ எடுத்துக்கொள்வோம். n ≥ 20 என்பதன் இருபுறமும் 2n-ஆல் பெருக்க, 2n² ≥ 40n. ஆகவே
3n² − 40n + 12 = n² + (2n² − 40n) + 12 ≥ n² + 12 > n².
மேலும் n ≥ 20 என்பதால் 12 ≤ 40n. ஆகவே 3n² − 40n + 12 ≤ 3n². இரண்டையும் சேர்க்க, n ≥ 20 ஆகும் எல்லா n-க்கும் n² ≤ f(n) ≤ 3n².

மேல்வரம்பு n = 1-லிருந்தே செல்லும், கீழ்வரம்பு 20-லிருந்துதான் செல்லும்; Θ-வுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் செல்ல வேண்டும் என்பதால் இரண்டில் பெரியதை n₀ ஆகக் கொண்டோம்.

இனி, போட்டுப் பார்ப்பது பற்றி. n² ≤ 1000n என்ற சமனிலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1-லிருந்து 1000 வரை எந்த எண்ணைப் போட்டாலும் அது பொருந்தும். 1001-இல் உடைந்துவிடும், அதன் பிறகு ஒருபோதும் பொருந்தாது. ஆயிரம் எண்களைப் போட்டுப் பார்த்தவர்கூட இங்கே தவறான முடிவுக்குத்தான் வந்திருப்பார். 20 முதல் 30 வரை நீங்கள் பார்த்த பதினொரு எண்கள் 31-ஐப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மேலே எழுதிய நிரூபணத்தில் n என்பது 20-க்குக் குறையாத எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்பதால்தான் அது எல்லா எண்களுக்கும் பேசுகிறது.

ஆனால் போட்டுப் பார்ப்பது வீணும் அல்ல. நம் கணக்குப் பிழையைப் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. n₀-இலும் அதற்கு முந்தைய எண்ணிலும் போட்டுப் பாருங்கள். n = 20 எனில் f(n) = 1200 − 800 + 12 = 412, n² = 400; பொருந்துகிறது. n = 19 எனில் f(n) = 1083 − 760 + 12 = 335, n² = 361; பொருந்தவில்லை. 20-இல் பொருந்தாமல் போயிருந்தால் எங்கோ தவறு செய்திருக்கிறோம் என்று பொருள். 19-இல் பொருந்தாததால் நிரூபணத்துக்கு ஒரு குறையும் இல்லை. n = 13 எனில் f(n) = −1, கோவையே பூச்சியத்துக்குக் கீழே இருக்கிறது; அதுவும் நம்மைப் பாதிக்காது, ஏனெனில் n₀-க்கு முன்னால் நடப்பதை வரையறை கணக்கில் எடுப்பதே இல்லை.

உறுப்புகள் கூடினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பங்கு பிரிப்பது தொல்லை. அப்போது ஒரு முரட்டு வழி உண்டு, அது எப்போதும் பலிக்கும். 2n³ − 9n² + 5n − 60 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். கூட்டப்படும் 5n-ஐ நீக்கிவிடுங்கள். கழிக்கப்படுபவை 9n²-உம் 60-உம். n ≥ 1 எனில் 60 ≤ 60n² என்பதால் இரண்டும் சேர்ந்து 69n²-ஐத் தாண்டாது. இங்கே 60-இன் படியை உயர்த்தினோமே, முன்பு கூடாதென்று சொன்னதைத்தானே செய்கிறோம் என்று கேட்பீர்கள். உயர்த்தலாம், ஆனால் தலையாய உறுப்பின் படிக்கு ஒரு படி கீழே நின்றுவிட வேண்டும். n³ வரை கொண்டுபோனால்தான் எல்லாம் கெடும். இப்போது 2n³-இல் பாதியை விடைக்கு வைத்து, மறுபாதியான n³-ஐ 69n²-க்கு எதிராக நிறுத்தினால் n ≥ 69 போதும். ஆகவே c = 1, n₀ = 69. உண்மையில் இந்தச் சமனிலி n = 10-லிருந்தே செல்லுபடியாகிறது; 9-இல் 15 குறைகிறது. 69 என்பது அதற்கு வெகு தொலைவில் இருந்தாலும் நிரூபணம் முழுமையானதுதான். தேர்வு நேரத்தில் 10-ஐத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

தலையாய கெழு பூச்சியத்தைவிடப் பெரியதாக இருக்கும் எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் இது பொருந்தும்: கெழுவின் பாதியை c ஆக வையுங்கள், கழிக்கப்படும் உறுப்புகளின் கெழுக்களைக் குறி நீக்கிக் கூட்டி, அந்தத் தொகையை அதே பாதியால் வகுத்தால் n₀ கிடைக்கும். அது பின்னமாக வந்தால் அடுத்த முழு எண்ணையும், ஒன்றுக்குக் கீழே வந்தால் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் செய்யாத, ஆனால் உங்கள் வகுப்பில் யாரேனும் செய்யக்கூடிய ஒரு பிழை. இதே f(n) என்பது O(n) என்று காட்ட, c = 3n என்று வைத்தால் f(n) ≤ cn ஆகிவிடுகிறதே என்பார்கள். c-ஐயும் n₀-ஐயும் முதலில் அறிவித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் n வருகிறது. n-ஐப் பார்த்துவிட்டு c-ஐத் தேர்ந்தெடுக்க இடமில்லை. அப்படி நிலையான ஒரு c இருப்பதாகவே வைத்துக்கொள்வோம்: n₀-க்குக் குறையாத எல்லா n-க்கும் 3n² − 40n + 12 ≤ cn. இருபுறமும் n-ஆல் வகுத்து, 12/n-ஐ நீக்கினால் 3n − 40 < c, அதாவது n < (c + 40)/3. ஆனால் n₀-ஐயும் (c + 40)/3-ஐயும் ஒருசேரத் தாண்டிய ஒரு முழு எண்ணை எப்போதும் எடுக்க முடியும். அந்த எண்ணில் சமனிலி உடைகிறது. ஆகவே அப்படி ஒரு c இல்லை.