ஒரு வருடமாக அசையாத சரக்கிருப்புப் பக்கம்

கேள்வி: ஐயா, சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கணக்கை நானே கையால் பேரேட்டில் எழுதுகிறேன். போன ஏப்ரல் 1-ல் எழுதிய சரக்கிருப்பு 4,20,000 ரூபாய் இன்னும் அப்படியே நிற்கிறது. மார்ச் 31 இரவு எண்ணிப் பார்த்ததில் 5,40,000 வந்தது. இந்தத் தொகை இருப்பாய்வில் எங்கேயும் இல்லை. பழைய இருப்பு, கொள்முதல், புது இருப்பு மூன்றையும் வியாபாரக் கணக்குக்கு எப்படிக் கொண்டுபோவது? இருப்பாய்வை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் பேரேட்டில் தப்பு எதுவும் இல்லை. நீங்கள் எழுதுவது காலமுறைச் சரக்கிருப்பு முறை. இதில் வருடம் முழுக்க வாங்கும் சரக்கு கொள்முதல் கணக்குக்குப் போகிறது, விற்பது விற்பனைக் கணக்குக்குப் போகிறது. சரக்கிருப்புக் கணக்கை யாரும் தொடுவதில்லை. அதனால்தான் அந்தப் பக்கத்தில் ஏப்ரல் 1 தேதியிட்ட ஒரே ஒரு வரி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. மார்ச் 31 அன்றுதான் அந்தப் பக்கத்துக்கு வேலை வருகிறது. அன்று அதில் இரண்டு அசைவுகள்: பழைய தொகை வெளியே போக வேண்டும், புதுத் தொகை உள்ளே வர வேண்டும்.

முதலில் பழையது. போன வருடம் மீந்த அந்த 4,20,000 ரூபாய்ச் சரக்கை இந்த வருடம் விற்க எடுத்தீர்கள். ஆகவே அது இந்த வருடச் செலவு. குறிப்பேட்டில் இப்படி எழுதுங்கள்:

வியாபாரக் கணக்கு பற்று 4,20,000
சரக்கிருப்புக் கணக்கு வரவு 4,20,000

இதைப் பேரேட்டில் எடுத்து எழுதியதும் சரக்கிருப்புக் கணக்கு பூஜ்யமாகிவிடும். அந்தப் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

அடுத்தது கொள்முதல். உங்கள் இருப்பாய்வில் கொள்முதல் 23,60,000, கொள்முதல் திருப்பம் 40,000. திருப்பத்தை முதலில் கொள்முதலோடு சேர்த்து முடியுங்கள்: கொள்முதல் திருப்பக் கணக்கு பற்று, கொள்முதல் கணக்கு வரவு, 40,000. மிச்சம் 23,20,000. அப்புறம் வியாபாரக் கணக்கு பற்று, கொள்முதல் கணக்கு வரவு, 23,20,000. சரக்கைக் கடைக்குக் கொண்டுவந்த லாரி வாடகை 30,000 தனிக் கணக்கில் இருக்கிறது. அதையும் இதே மாதிரி வியாபாரக் கணக்கின் பற்றுக்கு மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பிய வண்டி வாடகையை இதில் கலக்காதீர்கள். அது விற்பனைச் செலவு, இலாப நட்டக் கணக்குக்கு உரியது.

இப்போது புது இருப்பு. இது இருப்பாய்வில் இல்லாததற்குக் காரணம் எளிது. மார்ச் 31 வரை யாரும் இதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. கடையில் எண்ணிய தாளில்தான் இருக்கிறது. பேரேட்டுக்குள் அது வருவதே இந்தப் பதிவு வழியாகத்தான்:

சரக்கிருப்புக் கணக்கு பற்று 5,40,000
வியாபாரக் கணக்கு வரவு 5,40,000

வாங்கியதையெல்லாம் செலவாக எழுதிவிட்டோம். ஆனால் 5,40,000 ரூபாய்ச் சரக்கு இன்னும் ராக்கில் இருக்கிறது. அந்த அளவுக்குச் செலவைத் திரும்ப எடுக்கிறோம், அதனால் வரவுப் பக்கம். சரக்கு கையில் இருப்பதால் அது சொத்து, ஆகவே சரக்கிருப்புக் கணக்கில் பற்று. இதே 5,40,000 இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்திலும் நிற்கும். ஏப்ரல் 1-ல் புதிதாக எந்தப் பதிவும் வேண்டாம். இதுவே அடுத்த வருடத் தொடக்க இருப்பு.

விற்பனை 29,50,000, விற்பனைத் திருப்பம் 20,000. அதே முறையில் முடித்தால் நிகர விற்பனை 29,30,000 வியாபாரக் கணக்கின் வரவுக்குப் போகும். வரவுப் பக்க மொத்தம் 34,70,000. பற்றுப் பக்கம் 4,20,000, 23,20,000, 30,000 மூன்றும் சேர்ந்து 27,70,000. மீதி 7,00,000 மொத்த இலாபம். விற்பனையில் ஏறக்குறைய 24 சதவீதம்.

அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன். ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சிக்கு இருந்தபோது நானே செய்த தப்பு இது. புது இருப்பைப் பதிந்தேன், பழையதை மாற்ற மறந்தேன். உங்கள் கணக்கில் அப்படி நடந்தால் சரக்கிருப்புக் கணக்கு 9,60,000 காட்டும், மொத்த இலாபம் 11,20,000 ஆகிவிடும். மோசம் என்னவென்றால், இருப்புநிலைக் குறிப்பு அப்போதும் அழகாகச் சமன் ஆகும். சொத்தும் 4,20,000 கூடியிருக்கும், இலாபமும் அதே 4,20,000 கூடியிருக்கும். சமன் ஆகிவிட்டது என்று நிம்மதியாக எழுந்து போனேன். சீனியர்தான் இலாப விகிதத்தைப் பார்த்து என்னைத் திரும்ப உட்காரவைத்தார். உங்கள் கடையில் 24 சதவீதம் 38 ஆகத் தாவினால் வியாபாரம் பிரமாதம் என்று நினைக்காதீர்கள். முதலில் சரக்கிருப்புப் பக்கத்தைத் திறந்து, மீதி எண்ணிய தாளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சிலர் இரண்டு பதிவுக்குப் பதில் வித்தியாசம் 1,20,000-ஐ மட்டும் சரக்கிருப்பில் பற்று, வியாபாரக் கணக்கில் வரவு என்று ஒரே பதிவாக எழுதுவார்கள். இலாபம் மாறாது. ஆனால் எவ்வளவு சரக்கோடு தொடங்கி எவ்வளவோடு முடித்தோம் என்பது வியாபாரக் கணக்கில் தெரியாமல் போகும். நான் இதைச் செய்வதில்லை.

வேறு யாராவது கொடுக்கும் இருப்பாய்வில் இறுதிச் சரக்கிருப்பு ஏற்கெனவே இருந்தால் கவனம். சரக்கிருப்பைப் பற்று, கொள்முதலை வரவு வைத்து முன்பே சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது அது இருப்புநிலைக் குறிப்புக்கு மட்டும் போகும். வியாபாரக் கணக்கிலும் போட்டால் ஒரே சரக்கு இரண்டு முறை கழிந்துவிடும்.

அந்த 5,40,000-ஐ எந்த விலையில் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விற்பனை விலையில் போட்டிருந்தால் இன்னும் விற்காத சரக்குக்கே இலாபம் எழுதிவிட்டீர்கள். வாங்கிய விலையில் போடுங்கள். துருப்பிடித்த ஆணிப் பெட்டி, கட்டி தட்டிய சிமென்ட் மாதிரி வாங்கிய விலைக்குக் கூடப் போகாதவற்றை, விற்றால் கைக்கு வரும் தொகையில் போடுங்கள். கொள்முதலை ஜிஎஸ்டி நீக்கி எழுதியிருந்தால் இருப்பையும் ஜிஎஸ்டி நீக்கிய விலையிலேயே கணக்கிடுங்கள்.

கடைசியாக ஒரு இடத்தைத் தேடிப் பாருங்கள். மார்ச் 30-ல் 35,000 ரூபாய்க்குப் பெயிண்ட் டப்பாக்கள் வந்து இறங்கின, பில் ஏப்ரல் 3-ல் வந்தது, அன்றைய தேதியில் எழுதினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டப்பாக்கள் எண்ணிய தாளில் இருக்கின்றன, கொள்முதலில் இல்லை. இந்த வருட இலாபம் 35,000 ஊதிவிடும், அடுத்த வருடம் அதே அளவு குறையும். கடன் கொடுத்தவருக்குத் தர வேண்டியதும் குறைவாகத் தெரியும். மார்ச் கடைசி வாரத்திலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் எழுதிய கொள்முதல் பில்களை எடுத்து, ஒவ்வொன்றின் சரக்கும் எந்தத் தேதியில் கடைக்கு வந்தது என்று டெலிவரி சலானோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகு மேலே சொன்ன பதிவுகளை மையில் எழுதுங்கள், அதுவரை பென்சில் போதும்.