கார் கராஜில் இருக்கும்போது தினப்படி எத்தனை நாளுக்கு?

கேள்வி: கார் 25 நாள் கராஜில் கிடந்தது. வண்டி இல்லாத நாட்களுக்குக் காப்பீட்டில் தரும் தினப்படி 3 நாளுக்குத்தான் வந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

நீங்கள் அனுப்பிய தேதிகளைப் பார்த்தேன். 2ஆம் தேதி வண்டியை விட்டீர்கள், 7இல் கிளைமுக்கு ஒப்புதல், பம்பரும் ஹெட்லைட்டும் வந்து சேர 17 ஆகிவிட்டது, வேலை 18 முதல் 23 வரை, நீங்கள் போய் எடுத்தது 26. உங்கள் பாலிசி, சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டார் அனுப்பும் சர்வேயர் எழுதித் தரும் வேலை நாட்களை மட்டும் எண்ணுகிற வகை. அவர் எழுதியது 6 நாள், அதில் முதல் 3 நாளுக்குப் பணம் கிடையாது, மீதி 3. கணக்கு சரிதான், ஆனால் இதே வண்டிக்கு, ஒப்புதல் நாளிலிருந்து ‘வண்டி ரெடி’ என்று கராஜ் சொல்லும் நாள்வரை எண்ணுகிற பாலிசி இருந்திருந்தால் 17 நாள், 3 கழித்தால் 14, உச்சவரம்பு 10 என்றாலும் 10 நாளுக்குப் பணம் வந்திருக்கும். 23க்குப் பிறகு நீங்கள் எடுக்காமல் விட்ட நாட்களை யாரும் எண்ண மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பம்பரைக் கழற்றிய பிறகு உள்ளே ஏதாவது வளைந்திருந்து கூடுதல் எஸ்டிமேட் போட்டார்களா? போட்டிருந்தால் வேலை நாளும் கூடியிருக்க வேண்டும், அதைப் பல நேரம் யாரும் திருத்துவதில்லை.

கேள்வி: பாகம் வர தாமதமானால் அந்த நாட்களுக்கும் கட்டாயம் தருவார்களே, என் தம்பிக்குத் தந்தார்கள்.

தம்பிக்குத் தந்திருப்பார்கள், அவருடையது காலண்டர் நாளை எண்ணுகிற பாலிசியாக இருக்கும். ‘கட்டாயம்’ என்பதுதான் தவறு. பாகத்துக்குக் காத்திருக்கும் நாள் சேராது என்று தனி வரியாகவே எழுதியிருக்கும் பாலிசிகள் நிறைய.

கேள்வி: மாற்று கார் கொடுத்தால் தினப்படியும் உண்டா?

பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். கார் என்றால் அவர்கள் பட்டியலில் உள்ள கராஜில் விட்டிருக்க வேண்டும், வருவது சின்ன காராகத்தான் இருக்கும், எரிபொருளும் அபராதமும் உங்கள் செலவு. சாவி வாங்கும்போதே ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் படம் எடுத்து, அந்தக் காரில் அடிபட்டால் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் சண்டை வருவது இதில்தான்.

கேள்வி: என்னைப் பின்னால் வந்து இடித்தார்கள், தப்பு முழுக்க அவர்கள் மேல். எனக்கு எந்த தினப்படி?

இது வேறு வழி. உங்கள் பாலிசியில் தினப்படி இல்லாவிட்டாலும், வண்டி இல்லாமல் போன நாட்களின் இழப்பை எதிர்த்தரப்பு காப்பீட்டிடம் கேட்டுப் பார்க்கலாம். வாடகை வண்டி ரசீதுகளையும், வேலை தொடங்கிய, முடிந்த தேதிகள் உள்ள கராஜ் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். எவ்வளவு கிடைக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

கேள்வி: ஓட்டக்கூடிய வண்டிதான். பாகம் வரும்வரை நானே வைத்திருக்கலாமா?

சர்வே முடிந்து, விளக்கு, பிரேக் எல்லாம் சரியாக இருந்தால் வேலை நாட்களை மட்டும் எண்ணுகிற பாலிசிக்கு அதுதான் நல்லது, காத்திருக்கும் நாளுக்கு எப்படியும் பணம் வராது. ஆனால் இடையில் இன்னொரு அடி பட்டால் எது பழசு, எது புதுசு என்ற தகராறு வரும், அதனால் முதலில் காப்பீட்டாரிடம் சொல்லி ஒரு மின்னஞ்சல் பதில் வாங்கிவிடுங்கள்.