கையெழுத்துப் போட்ட பிறகு "வரவில்லை" என்று சொல்வது

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த நாலாம் நாள். அங்கே லுங்கி வியாபாரம் செய்யும் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு காட்பாடியில் இருக்கும் என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே கேள்வி வந்தது: "கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டான் சார். இப்ப வரலைன்னு சொன்னா கேஸ் போடுவாங்களா?"

பையன் பி.இ. மெக்கானிக்கல். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனி கொடுத்த ஆஃபரை மே 9-ம் தேதி ஏற்றிருக்கிறான். மாதம் 17,000, ஜூன் 2 சேர வேண்டும். அங்கே சூப்பர்வைசராக இருக்கும் தாய்மாமன்தான் சொல்லி வாங்கிக்கொடுத்த வேலை. மே 16-ம் தேதி ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியிலிருந்து போன். முன்பு போயிருந்த இன்டர்வியூவில் செலக்ட் ஆகிவிட்டான். டிசைன் வேலை, 25,000.

"லெட்டர் வந்துச்சா?" என்றேன். வரவில்லை. அப்படியானால் ராணிப்பேட்டைக்கு இன்றைக்கு ஒரு வார்த்தையும் சொல்லாதே என்றேன். போனில் சொன்னது வேலை ஆகாது. சம்பளம், சேரும் தேதி, பதவி மூன்றும் எழுத்தில் வர வேண்டும். மெடிக்கலும் சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்த பிறகுதான் ஆஃபர் உறுதி என்று லெட்டரில் வரி இருந்தால், அதையும் முடித்துக்கொள்ள முயல வேண்டும். ஆனால் இந்தக் காத்திருப்புக்கு எல்லை உண்டு. சேரும் நாளுக்கு ஒரு வாரத்துக்கும் குறைவாக இருக்கும்போது சொன்னால், அவர்கள் வேறு ஆளைப் பிடிக்க நேரமே இருக்காது. மே 23 வரை லெட்டர் வராவிட்டால் ராணிப்பேட்டையிலேயே சேர்ந்துவிடு என்று பேசி முடித்தோம்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். வேலை செய்தே ஆக வேண்டும் என்று யாரையும் நம் நாட்டு நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஏற்றுக் கையெழுத்திட்ட லெட்டரில் "சேராவிட்டால் இவ்வளவு தொகை" என்று ஷரத்து இருந்தால் கம்பெனி அதைக் கேட்கலாம். அப்போதும் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவே கிடைக்கும். ஆகவே ராணிப்பேட்டை லெட்டரை வரி வரியாகப் படித்தோம். இரண்டு மாத நோட்டீஸ் என்று இருந்தது, ஆனால் அது பணியில் சேர்ந்த பிறகுக்கு. முன்பணம் எதுவும் வாங்கவில்லை. மெடிக்கல் டெஸ்ட்டுக்குக் கம்பெனி பணம் கட்டியிருந்தது. ஒரே சிக்கல், பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினலை "வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கி வைத்திருந்தார்கள்.

வீட்டில் ஏற்கெனவே மூன்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது. நண்பர்கள் சொன்னது, ஜூன் 2 அன்று போகாதே, போனையும் எடுக்காதே. அப்பா சொன்னது, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். சித்தப்பா சொன்னது, ஒரு மாதம் சேர்ந்து பார், பிடிக்காவிட்டால் நின்றுகொள்.

மூன்றிலும் மோசமானது சித்தப்பாவுடையது. கேட்க நல்லபிள்ளைத்தனமாக இருப்பதால்தான் ஆபத்து. சேர்ந்த அன்றே நோட்டீஸ் ஷரத்து உயிர்பெறும். பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதி பதிவாகும். பிறகு சொல்லாமல் நின்றால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அடுத்த கம்பெனி பி.எஃப். பதிவைப் பார்த்து "இது என்ன ஒரு மாசம்?" என்று கேட்கும். சேருவதற்கு முன்பே விலகினால் இது எதுவும் கிடையாது. பாட்டி கதையும் நிற்காது. மாமா அதே கம்பெனியில்தானே இருக்கிறார்! பாட்டி திடமாக நடமாடுவது கேன்டீன் வரை தெரிந்த விஷயம்.

மே 21 மாலை ஒரகடம் லெட்டர் வந்தது. மறுநாள் காலை 9 மணிக்கு முதல் போன் மாமாவுக்கு. சிலர் இதில் என்னோடு உடன்படமாட்டார்கள், கம்பெனிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பார்கள். என் கணக்கு வேறு. சிபாரிசு செய்தவர் இந்தச் செய்தியை ஹெச்.ஆர். வாயால் கேட்கக் கூடாது. ஆனால் "நீங்களே சொல்லிடுங்க மாமா" என்று அவர் தலையில் கட்டவும் கூடாது. ஒரு மணி நேர இடைவெளி போதும். (கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலை என்றால் மாமாவின் இடத்தில் பிளேஸ்மென்ட் ஆபீசர்.)

10 மணிக்கு ஹெச்.ஆர். மேடத்துக்கு. அப்பா தானே பேசுவதாகச் சொன்னார், நான் விடவில்லை. கையெழுத்துப் போட்டது பையன். அவன் பேசியது இவ்வளவுதான்:

"மேடம், ஜூன் 2 சேர வேண்டிய ட்ரெயினி பேசறேன். ஆஃபரை ஏத்துக்கிட்டேன், ஆனா என்னால சேர முடியாது. டிசைன் வேலை ஒண்ணு கிடைச்சிருக்கு, அதை எடுத்துக்கிறேன். ஒத்துக்கிட்டு மாறினது என் தப்பு, மன்னிச்சுக்குங்க. எனக்காக மெடிக்கலுக்குக் கட்டின பணத்தை நான் கொடுத்துடறேன்."

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. "வேற லைன் மேடம், டிசைன்" என்றான். "சம்பளம்தான் காரணம்னா பேசிப் பார்க்கலாமே" என்றார். இந்தக் கேள்வி வரும் என்று முன்தினமே சொல்லி வைத்திருந்தேன். இங்கே "யோசிச்சுச் சொல்றேன்" என்று இழுத்தால், கேட்ட மன்னிப்பு பேரமாகிவிடும். "இல்லைங்க மேடம், முடிவு பண்ணிட்டேன்" என்றான். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "இன்னொரு பையனை வேண்டாம்னு அனுப்பினோம் உனக்காக" என்றார். அதற்குப் பதில் கிடையாது. "ஆமாங்க மேடம், சாரி" என்றுதான் சொல்ல முடியும், அதைத்தான் சொன்னான்.

அரை மணி நேரத்தில் மெயில். அந்தக் கம்பெனியில் எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலத்தில் எழுதினோம். ஆஃபர் வந்த அதே மெயிலுக்குப் பதிலாக, ஐந்து வரி. எந்தத் தேதி ஆஃபர், எந்தப் பதவி. இன்று காலை போனில் சொன்னபடி சேரவில்லை. ஏற்றபின் விலகுவதற்கு மன்னிப்பு. ஒரிஜினல் மார்க் ஷீட்டை நேரில் வந்து பெற்றுக்கொள்ள எந்த நாள் வசதி. விலகலைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் வேண்டும். பையன் முதலில் எழுதிவந்ததில் "தவிர்க்க முடியாத சூழ்நிலையால்" என்று இருந்தது, அடித்துவிட்டேன். தவிர்த்திருக்க முடியும், இவன் தவிர்க்கவில்லை. அந்தச் சொல்லைப் படிக்கிற ஹெச்.ஆருக்கும் அது தெரியும். "எதிர்காலத்தில் வாய்ப்பு இருந்தால்" என்ற வரியையும் எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லும் நாளில் அடுத்த வாய்ப்பு கேட்பது நன்றாக இருக்காது.

மார்க் ஷீட்டைக் கூரியரில் கேட்கலாம்தான். நேரில் போ என்றேன். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனான். கேட்டில் ரிஜிஸ்டரில் எழுதி, அரை மணி நேரம் செக்யூரிட்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். மேடமே வந்து கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மெடிக்கல் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "உன் கூடப் படிச்சவங்க யாராவது வேலை தேடறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அன்று மாலைக்குள் இரண்டு பேரின் பயோடேட்டாவை அவர்களிடம் கேட்டு வாங்கி அனுப்பினான். அதில் வாலாஜாப்பேட்டைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு ஜூன் 9 சேர்த்துக்கொண்டார்கள்.

மாமா மட்டும் பேசவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போக வண்டி வைத்தபோதுதான் "டேய், நீயும் வாடா" என்று கூப்பிட்டாராம்.