பச்சை படிந்த கிழங்கு, முளைவிட்ட கிழங்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உருளைக்கிழங்கின் ஒரு பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பச்சை இருக்கிறது. முழுவதையும் எறிந்துவிட வேண்டுமா?

பதில்: கிழங்கு கெட்டியாக இருந்தால் எறிய வேண்டாம். தோலைச் சீவிவிட்டு, பச்சை கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை வெட்டி, அதற்கும் கீழே 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சதையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். பாதிக் கிழங்கு பச்சையாகவோ, பச்சை உள்சதைக்குள் ஆழமாக இறங்கியோ இருந்தால் குப்பைக்கூடைதான். சமைத்த பிறகு கசந்தால் துப்பிவிடுங்கள்.

கேள்வி: கிழங்கு முளைவிட்டிருக்கிறது. சமைக்கலாமா?

பதில்: முளையின் நீளம் எவ்வளவு, கிழங்கு கெட்டியா தொளதொளப்பா என்று எதுவும் எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? கெட்டியான கிழங்கில் ஓரிரண்டு சிறு முளைகள் என்றால், அவற்றைக் கிள்ளினால் போதாது. முளை கிளம்பிய கண்ணையும் சுற்றியுள்ள சதையையும் கத்திமுனையால் குடைந்தெடுத்து, தோலையும் சீவிச் சமைக்கலாம். சுருங்கி மெத்தென்றாகிவிட்டாலோ எல்லாக் கண்களிலும் நீள முளை வந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். கிழங்கின் பாகங்களில் சொலனின் என்ற நச்சு மிக அதிகமாகத் திரள்வது முளையில்தான்.

கேள்வி: நன்றாக வேகவைத்தால், அல்லது எண்ணெயில் பொரித்தால், சொலனின் அழிந்துவிடும்தானே?

பதில்: அழியாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. சொலனினும் அதன் கூட்டாளியான சாக்கோனினும் 200 பாகைக்கு மேல்தான் குறிப்பிடத்தக்க அளவில் சிதையத் தொடங்கும். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது, பொரிக்கும் எண்ணெயும் 180 பாகையைச் சுற்றித்தான் நிற்கிறது. குக்கரில் கூடுதலாக எத்தனை விசில் விட்டாலும் பயனில்லை. கத்தி செய்யும் வேலையை அடுப்பு செய்யாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கிழங்கில் இந்த நச்சுகள் 200 மில்லிகிராம் என்பதைத்தான் பொதுவாக மேல்வரம்பாகச் சொல்வார்கள். அந்த வரம்பிலேயே உள்ள கிழங்கை 50 கிலோ எடையுள்ளவர் கால் கிலோ சாப்பிட்டால் உடலுக்குள் போவது 50 மில்லிகிராம், அதாவது உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கக்கூடிய அளவு ஏறக்குறைய அதுதான். குழந்தைக்கு இதைவிடக் குறைந்த கிழங்கே போதும்.

தோலோடு வேகவைத்து உரிப்பவர்களும் கவனிக்க வேண்டும். வெந்தபின் தோல் மெல்லிய தாளாகத்தான் கழன்று வரும்; நச்சு மிகுந்த அடிப்படலம் கிழங்கிலேயே தங்கிவிடும். ஆகவே சந்தேகமான கிழங்கை வேகவைக்கும் முன்பே தடிமனாகச் சீவுங்கள். வேகவைத்த தண்ணீரையும் குழம்பில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: கழுவினால் பச்சை போகுமா?

பதில்: போகாது.

கேள்வி: பச்சையே இல்லாத கிழங்கு கசந்தது ஏன்?

பதில்: பச்சை நிறம் வெறும் பச்சையம்; அது நஞ்சு அல்ல. வெளிச்சம் பட்டால் பச்சையமும் நச்சும் தனித்தனியே பெருகுவதால்தான் நிறத்தை எச்சரிக்கையாகக் கொள்கிறோம். அடிபட்ட, வெட்டுப்பட்ட கிழங்கில் நிறம் மாறாமலேயே நச்சு கூடலாம். எனவே கசந்தால் துப்பிவிடுங்கள். மீதமுள்ள பொரியலையும் யாருக்கும் பரிமாறாதீர்கள்.