READY வரவில்லை என்றால் முதலில் சின்ன பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி: பழைய ஹைபிரிட் கார் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. காலையில் பட்டனை அழுத்தினால் திரை எரிகிறது, READY மட்டும் வரவில்லை. ஏழெட்டு எச்சரிக்கை விளக்குகளோடு "Check Hybrid System" என்று வருகிறது. ஹைபிரிட் பேட்டரியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்க்கும்வரை யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் காரில் இரண்டு பேட்டரிகள் உண்டு. காரை ஓட்டும் மோட்டாருக்கு மின்சாரம் தருவது பெரிய உயர் மின்னழுத்த பேட்டரி. நிறுத்தியிருக்கும்போது அதன் இணைப்பு முழுவதும் துண்டிக்கப்பட்டிருக்கும். நீங்கள் பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தியதும், சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான் கணினிகளை எழுப்பி, ரிலே எனும் மின் சுவிட்சுகளை மூடி, பெரிய பேட்டரியை இணைக்கிறது. இணைப்பு சரியாக நடந்தது என்பதற்கு அடையாளம்தான் READY. எஞ்சின் சத்தம் கேட்க வேண்டியதில்லை. READY எரிந்தாலே கார் நகரத் தயார்.

சின்ன பேட்டரி சோர்ந்திருந்தால் கணினிகள் அரைகுறையாக விழிக்கும். ஒன்று பேசுவது இன்னொன்றுக்குக் கேட்காது. அதனால் பிரேக், ஸ்டீயரிங், ஹைபிரிட் என்று தொடர்பில்லாத விளக்குகளெல்லாம் ஒரே நேரத்தில் எரியும். நேற்றுவரை நன்றாக ஓடிய கார், நின்றிருந்த பிறகு காலையில் இப்படிச் செய்தால் முதல் சந்தேகம் சின்ன பேட்டரி மேல்தான். சின்ன பேட்டரி சோர்ந்தாலும் பெரியது கெட்டாலும் ஒரே வாசகத்தைக் காட்டுகிறார்கள் பல தயாரிப்பாளர்கள். "12 வோல்ட் குறைவு" என்று திரையில் ஒரு வரி போட்டால் எத்தனையோ பேருடைய பணம் மிஞ்சும்.

அளக்கும் முறை இது. பல ஹைபிரிட் கார்களில் இந்தப் பேட்டரி டிக்கியிலோ பின் இருக்கைக்கு அடியிலோ இருக்கும். கையேட்டில் இடம் போட்டிருக்கும். கார் அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு அளங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. 12.3 காட்டிவிட்டு, பட்டனை அழுத்தும் நொடியில் 11-க்கும் கீழே சரிந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது.

உங்களுக்கு 11.4 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கையேடு காட்டும் இடத்தில் வேறொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி இணைத்து ஜம்ப் கொடுங்கள். சிவப்பு கம்பி பிளஸ் முனைக்கு, கறுப்பு கம்பி வண்ணம் பூசாத உலோகத்துக்கு. மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸோடு விலையுயர்ந்த இன்வெர்ட்டரும் போகலாம். பிரேக்கை நன்றாக அழுத்தி பட்டனைத் தட்டுங்கள். READY முதலில் சிமிட்டினால் கணினி சோதித்துக்கொண்டிருக்கிறது, நிலையாக எரியும்வரை காத்திருங்கள். எரிந்ததும் மறுபடி அளந்தால் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இருந்தால் பெரிய பேட்டரி சின்னதைச் சார்ஜ் செய்கிறது என்று அர்த்தம். உங்கள் கோளாறு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்தது.

புதிய பேட்டரி வாங்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. காருக்குள்ளே பொருத்தும் பேட்டரி, வாயுவை வெளியேற்றும் குழாயோடு வரும் தனி வகை. "எல்லாம் ஒன்றுதான்" என்று சாதாரண பேட்டரியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தி, READY இல்லாமல் பாட்டுக் கேட்பதையும் நிறுத்துங்கள். அந்த நிலையில் சின்ன பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் கவனமாகப் படியுங்கள். சின்ன பேட்டரி நன்றாக இருந்து, ஓட்டும்போதே எச்சரிக்கை வந்து, ஸ்கேன் கருவியில் P0A80 என்ற குறியீடு வந்தால், பெரிய பேட்டரியின் பகுதிகளுக்கிடையே வோல்ட் வித்தியாசம் அதிகம் என்று பொருள். அப்போதும் உடனே மாற்றச் சம்மதிக்க வேண்டாம். பல மாடல்களில் அந்தப் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கை ஓரத்தில் உள்ள துளை வழியாகப் போகிறது. அதன் வடிகட்டியில் தூசியும் முடியும் அடைத்தால் பேட்டரி சூடேறிக் கெடும். இணைப்புத் தகடுகளில் பச்சை படிந்தாலும் அதே குறியீடு வரலாம். இரண்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். தகடுகளை நீங்கள் தொடக் கூடாது. ஆரஞ்சு நிறக் கம்பி எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அது பயிற்சி பெற்றவர் வேலை. கெட்ட ஒரு பகுதியை மட்டும் மாற்றி "சரியாகிவிட்டது" என்பவரையும் நம்பாதீர்கள். மற்றவையும் அதே வயதுடையவை. சில மாதத்தில் அடுத்தது விழும்.

எது செய்தாலும் குறியீட்டை அழிக்க விடுவதற்கு முன், அதையும் அதோடு பதிவான வோல்ட், வெப்ப எண்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் அவையும் போய்விடும். உங்களுக்கு விற்றவரும் அப்படி அழித்திருக்கலாம். அழித்தால் காரின் தற்சோதனைகள் "முடியவில்லை" என்று மாறிவிடும். அதையும் அதே ஸ்கேன் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள்.