சிவாவும் சிவபாலசுந்தரமும்

கேள்வி: 1986இல் கனடாவில் குடியேறிய ஒருவரைப் பற்றிச் சிறுகதை எழுதியிருக்கிறேன். கந்தையா சிவபாலசுந்தரம் என்ற பெயரை அங்குள்ள குடிவரவு அதிகாரி 'சிவா' என்று குறைத்து எழுதிவிடுகிறார். முப்பது வருடங்களுக்குப் பிறகு அவர் கண்ணாடி முன் நின்று முழுப்பெயரைச் சொல்லி அதை மீட்டுக்கொள்கிறார். முடிவு நம்பும்படி இல்லை என்கிறார்கள் நண்பர்கள். எப்படித் திருத்தலாம்?
- வாசகர், கோப்பாய்

பதில்: நண்பர்கள் சொல்வது சரி. கண்ணாடி முன் நின்று சொன்னால் பெயர் திரும்பி வராது. அதிகாரி எழுதியது தாளில். மீட்பதும் தாளில்தான் நடக்க வேண்டும்.

2002க்கு முன் கனடாவில் குடியேறியவர்களுக்குக் குடியேற்றப் பதிவுத் தாள் ஒன்று கொடுத்தார்கள். அதில் அதிகாரியின் கையால் பிழை நேர்ந்திருந்தால், சான்றுகளைக் காட்டித் திருத்தும்படி கேட்கலாம். பிழை அவருடையதாக இல்லாவிட்டால் அந்தத் தாளைத் தொடமாட்டார்கள். மாகாணச் சட்டப்படி பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஒன்டாரியோவில் ஒரு வருடம் வசித்தவர் விண்ணப்பிக்க முடியும். ஆனால் அப்படி மாற்றினாலும் பழைய தாளில் 'சிவா' சிவாவாகவே இருப்பார்.

உங்கள் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பிழை அதிகாரியுடையது என்றால், கடவுச்சீட்டை நீட்டி அப்போதே திருத்தியிருக்கலாமே, ஏன் செய்யவில்லை? வேலை கிடைக்காமல் போய்விடும் என்ற பயமா, சின்னப் பெயர் வசதியாக இருந்ததா? அதிகாரியைக் கெட்டவனாக்கி ஒன்றரைப் பக்கம் எழுதாதீர்கள். அரைப் பக்கம் போதும். மிச்சப் பக்கங்களை இந்த முப்பது வருட மௌனத்துக்குக் கொடுங்கள்.

பெயரை மீட்க அவருக்கு ஒரு தேவையும் வேண்டும். நம் ஊரில் அதற்குக் காணியை விட நல்ல காரணம் உண்டா? கோப்பாயில் உள்ள முதுசக் காணியைத் தங்கை மகளுக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுக்க வருகிறார் என்று வையுங்கள். காணி உறுதியில் கந்தையா சிவபாலசுந்தரம். கையிலுள்ள கனடாக் கடவுச்சீட்டில் சிவா. நொத்தாரிசு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். "ஐயா, இந்த ஆளும் நீங்களும் ஒருவர்தான் என்பதற்கு என்ன இருக்கிறது?" பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும், சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். தன் ஊரில், தகப்பனின் காணிக்கு, தான் தான்தான் என்று சத்தியம் செய்கிறார். கனடாவுக்குத் திரும்பியதும் அவர் விண்ணப்பம் எழுதினால் எந்த வாசகனும் நம்புவான்.

இன்னும் ஒன்று. அங்கே பிறந்த பிள்ளைகளின் குடும்பப் பெயரும் 'சிவா'வாகத்தானே இருக்கும்? தகப்பன் மாற்றினால் அவர்களுடையது தானாக மாறாது. மகள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று உங்கள் கதையில் ஒரு வரிகூட இல்லை. அந்த உரையாடலை எழுதி, கண்ணாடிக் காட்சியை வெட்டிவிட்டு, மீண்டும் நண்பர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.